பீடமும் ஆட்டமும்: ஒரு சுடலைமாடன் கோயிலுக்கு ஒட்டப்பட்ட பெயர்கள்

எங்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோயில் தாமிரபரணியின் தென்கரையில், வயல் முடிந்து சுடுகாடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கோயில் என்று சொன்னாலும் கூரை கிடையாது. செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசி, கீழே அகலமாகவும் மேலே போகப் போக ஒடுங்கியும் எழுப்பிய ஆளுயரப் பீடம் ஒன்று. முன்பக்கம் விளக்கு வைக்கச் சின்ன மாடக்குழி. வெள்ளையடித்த உடம்பில் மேலிருந்து கீழாகக் காவிப் பட்டைகள். பக்கத்தில் பேச்சிக்கும் பிரம்மசக்திக்கும் இதைவிடக் குட்டையான பீடங்கள். அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் கோயிலைப் புதுப்பிப்பது பற்றிப் பேசக் குடும்பம் கூடியது. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். கருங்கல்லில் முறுக்கு மீசையும் ஓங்கிய அரிவாளுமாக மாடன் நிற்கிற சிலை. மயிலாடியில் சொன்னால் செய்து தருவார்கள் என்றான். "இந்தப் பீடத்தப் பாத்தா காட்டுவாசி கோயில் மாதிரில்லா இருக்கு. பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தா இதான் சாமியான்னு கேக்குது." கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். எங்கள் பெரியப்பாதான் கோமரத்தாடி, அதாவது கொடையில் மாடன் வந்து ஆடுகிறவர். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செல வச்சாச்சுன்னா நான் எதுக்குடே?"

அன்று நாங்கள் அதைக் கிழவரின் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். தன் இடம் போய்விடுமே என்று பயப்படுகிறார் என நினைத்தோம். அந்தக் கேள்வி ஒரு விடை என்பது எனக்குப் புரியப் பல வருஷங்களும் சில புத்தகங்களும் தேவைப்பட்டன. 'ப்ரிமிட்டிவ் ஆர்ட்', அதாவது ஆதிநிலைக் கலை என்ற பெயரை இன்று ஏன் இத்தனை பேர் கண்டிக்கிறார்கள் என்பதை, என்னைப் பொறுத்தவரை, அந்த ஒரு வரியை விட்டு விளக்க முடியாது.

1

தம்பி சொன்ன 'காட்டுவாசி' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் முதலில் வந்து நிற்கிறவர் கால்டுவெல். ராபர்ட் கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்தார். 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய இடையன்குடியில் இருந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று நாம் கொண்டாடுகிற அதே கால்டுவெல்தான். ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். அதற்கு ஏழு வருஷம் முன்பு, 1849இல், அவர் இன்னொரு புத்தகம் வெளியிட்டிருந்தார். தான் ஊழியம் செய்த பனையேறி மக்களின் சாதிப் பெயரைத் தலைப்பில் தாங்கிய சிறு நூல் அது. அந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு அது பின்னாளில் பெரும் மனக்காயமாக ஆனது.

அதில் மாடன் கோயில்களின் வருணனை வருகிறது. மரத்தடியில் மண்ணோ செங்கல்லோ குவித்துக் கோபுரம்போல் ஒடுக்கி, வெள்ளையடித்துச் சிவப்புக் கோடு போட்ட சின்னப் பீடங்கள் என்று எழுதுகிறார். எங்கள் பீடத்துக்கு அப்படியே பொருந்தும் வருணனை. கண் கூர்மையான கண், அதில் சந்தேகமில்லை. ஆனால் கண்டதற்கு அவர் வைத்த பெயர் 'பேய் வழிபாடு'.

இந்தப் பெயரிலேயே ஒரு மொழிபெயர்ப்புக் கோளாறு இருக்கிறது. எங்கள் பக்கம் 'பேய்' என்பது ஒருவகை. 'வாதை' வேறு. 'மாடன்', 'இசக்கி' வேறு. ஒரு பெண்ணைப் பேய் பிடித்தால் அதை விரட்டச் சுடலையிடம்தான் கொண்டுபோவார்கள். விரட்டுகிறவனும் விரட்டப்படுவதும் ஒன்று என்று ஊரில் யாரும் நினைப்பதில்லை. கிறிஸ்தவத் தமிழிலோ சாத்தானின் கூட்டம் முழுவதும் பேய், பிசாசு என்ற சொற்களுக்குள் போய்விட்டது. கடவுளுக்கு ஒரு பெட்டி, அவருக்கு எதிரிக்கு ஒரு பெட்டி. மூன்றாவது பெட்டி இல்லை. சுடலை முதல் பெட்டியில் அடங்கமாட்டான், ஆகவே இரண்டாவதில் போடப்பட்டான். தமிழில் 'பேய்' என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் காரைக்காலம்மையார் ஒருவரே போதும். சிவனடியில் இருக்கும் தன்னையே அவர் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். அதை ஐரோப்பியச் சாத்தானின் சொல்லால் மொழிபெயர்த்தால் அம்மையாரே நமக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுவார்.

இது கால்டுவெல்லின் தனிப்பட்ட பிழையும் அல்ல. அவருக்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்பே இந்தப் பெட்டி தயாராக இருந்தது. வர்தேமா என்ற இத்தாலியப் பயணியின் புத்தகம் 1510இல் ரோமில் அச்சானது. கோழிக்கோட்டு அரசரின் கோயிலில் மகுடமும் கொம்பும் கோரைப்பல்லும் கொண்டு, ஆன்மாக்களைத் தின்கிற சாத்தான் உட்கார்ந்திருப்பதாக அதில் எழுதியிருந்தார். பார்த்த மித்தர் 1977இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதைப் பிரித்துக் காட்டினார். வர்தேமா வருணித்தது கேரளச் சிற்பத்தையே அல்ல, ஊரில் தேவாலயச் சுவர்களில் பார்த்துப் பழகிய நரகக் காட்சியை. கண் கோழிக்கோட்டில் இருந்தது, படம் ஐரோப்பாவில் ஏற்கெனவே வரைந்து முடிக்கப்பட்டிருந்தது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர, 'பேய்' என்ற பெயர் மெல்ல இன்னொன்றாக மாறியது. ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில் கால்டுவெல், திராவிடரின் பழைய சமயம் எது என்று கேட்டு, மாடனாட்டத்தை வட ஆசியாவின் ஷாமன்களோடு ஒப்பிட்டார். இப்போது சுடலை சாத்தான் அல்ல. அவன் ஒரு மிச்சம். பிராமணர் வருவதற்கு முன்பிருந்த, மனித குலம் எங்கும் ஒருகாலத்தில் இருந்த, பழைய நிலையின் மிச்சம். சென்னைப் பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றி 1916இல் வெளியிட்ட புத்தகமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனது.

இறையியல் வைத்திருந்த இரண்டு பெட்டிகளின் இடத்துக்கு இப்போது ஏணி வந்துவிட்டது. கீழ்ப்படியில் கல், மண்குவியல். அடுத்த படியில் முரட்டு உருவம். மேல்படியில் கிரேக்கச் சிற்பம். ஏணியில் யார் எங்கே நிற்கிறார் என்பதை வைத்து அவர் எந்தக் காலத்தில் வாழ்கிறார் என்று முடிவு செய்யலாம். இடையன்குடிப் பனையேறி 1849இல் வாழவில்லை, வரலாற்றுக்கு முந்தைய காலத்தில் வாழ்கிறார் என்றாகிவிட்டது.

கலை உலகம் இந்த ஏணியை வாங்கிக்கொண்டபோதுதான் 'ப்ரிமிட்டிவ் ஆர்ட்' என்ற பெயர் உறுதிப்பட்டது. ஆப்பிரிக்க முகமூடியும் பசிபிக் தீவுகளின் மரச்சிற்பமும் அதற்குள் வந்தன. ஃபிரான்ஸ் போவாஸ் 1927இல் அந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். மனித மனம் எல்லா இடத்திலும் ஒன்றுதான், தாழ்ந்த மனம் என்று ஒன்று இல்லை என்பதுதான் அவர் வாதம். ஆனாலும் தலைப்பில் பழைய பெயரே இருந்தது. 1950களில் நியூயார்க்கில் நெல்சன் ராக்ஃபெல்லர் தொடங்கிய அருங்காட்சியகத்தின் பெயரிலும் அதே சொல்தான்.

பெயர் இகழ்ச்சியாக இருக்கிறது என்பது மட்டும் குறையென்றால் வேறு நல்ல பெயர் வைத்துவிட்டுப் போகலாம். குறை அதைவிட ஆழத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் பொருளின் மேல் மூன்று விஷயங்களை ஏற்றிவிடுகிறது: இதற்குக் காலம் கிடையாது, இதைச் செய்தவனுக்குப் பெயர் கிடையாது, இதற்குப் பின்னால் யோசனை கிடையாது. மூன்றையும் எங்கள் பீடத்தின் முன்னால் வைத்துப் பார்க்கலாம்.

3

முதலில் காலம். கால்டுவெல் தரும் ஒரு தகவலே அவருடைய ஏணியை உடைக்கிறது. 1809இல் திருவிதாங்கூர்ப் படையெடுப்பில் இறந்துபோன போல் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு இந்தச் சீமையில் வழிபாடு நடந்ததையும், அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அகால மரணம் அடைந்தவன் தெய்வமாவான். அவனுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்குப் பிடித்தது சுருட்டு. விதி பழையது, தெய்வம் புதுசு. நேற்று நடந்ததை இன்று உள்ளே எடுத்துக்கொள்கிற ஒரு முறையை எப்படி வரலாறு இல்லாத மிச்சம் என்பது?

எங்கள் பீடத்திலும் காலம் இருந்தது. புதுப்பிப்பதற்காகக் கொத்தனார் அடிப்பக்கம் ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்தார். உள்ளே ஏடு ஏடாக வந்தது. ஒவ்வொரு கொடைக்கும் ஒரு வெள்ளை, ஒரு காவி. இருபது ஏடு வரைக்கும் விரலால் எண்ணினோம். அதற்கு உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கல்லாகக் கிடந்தது. "இது சுண்ணாம்பு இல்லய்யா, கணக்குப் புஸ்தகம்" என்றார் கொத்தனார். எங்கள் கோயிலில் கொடை வருஷா வருஷம் நடப்பதில்லை. பணமும் விளைச்சலும் ஒத்துவந்தால்தான் நடக்கும். ஆகவே அந்த ஏடுகள் ஒவ்வொன்றும் குடும்பம் கையில் காசோடு இருந்த ஒரு வருஷம்.

இரண்டாவது, பெயர். பீடத்தைக் கட்டுகிற கொத்தனார் யார் என்று ஊருக்குத் தெரியும். வில்லுப்பாட்டுப் பாடும் அண்ணாவி யார், அவருக்குக் கதை சொல்லிக்கொடுத்தது யார் என்பதும் தெரியும். கதைகள் வாயில் மட்டும் இருந்தவையும் அல்ல. ஏட்டில் எழுதி வைத்து, ஒரு கை எழுதியதைப் பார்த்து இன்னொரு கை எழுதி வந்தவை. இன்ன அண்ணாவி பாடினால்தான் எங்கள் கோயிலில் சாமி இறங்கும் என்று குடும்பங்கள் முன்கூட்டியே வெற்றிலை பாக்கு வைத்துப் பேசி முடிப்பார்கள். சாலி பிரைஸ் 1989இல் வெளியிட்ட புத்தகத்தில், இத்தகைய பொருள்கள் 'பெயர் தெரியாதவை' ஆவது எப்படி என்று காட்டுகிறார். செய்தவனுக்குப் பெயர் இருந்தது. வாங்கியவன் கேட்கவில்லை. கேட்காததை 'இல்லை' என்று சீட்டில் எழுதி வைத்தார்கள்.

4

மூன்றாவதுதான் முக்கியம்: யோசனை. பீடத்துக்கு ஏன் முகம் இல்லை?

ஏணிக்காரரின் பதில் சுலபமானது. செய்யத் தெரியவில்லை. திறமை அந்தப் படிக்கு இன்னும் ஏறவில்லை. இதைச் சரிபார்க்கத் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வரை போனால் போதும். அங்குள்ள வேங்கடாசலபதி கோயிலில், நாயக்கர் காலத் தூண்களில், குறவனும் குறத்தியும் வீரனும் நரம்பு புடைக்க நிற்கிறார்கள். அங்கிருந்து அதிக தூரம் இல்லாத சீவலப்பேரியில், ஆறு சேரும் இடத்தில், சுடலைமாடனின் பேர்பெற்ற கோயில் இருக்கிறது. ஒரே பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் நகக்கண் வரை செதுக்கிய உருவம், இன்னொரு பக்கம் உருவமே இல்லாத பீடம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வழிபடப்பட்டு வருகின்றன. ஒன்று இன்னொன்றின் குழந்தைப் பருவமாக இருக்க முடியாது. உருவம் செய்கிற கை எட்டும் தூரத்தில் இருந்தும் மாடனுக்கு உருவம் வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஏன் என்பதற்குக் கொடையைப் பார்க்க வேண்டும். முதல் நாள் மாலை குடியழைப்பு. மறுநாள் மதியக்கொடை, பிறகு நடுராத்திரியில் சாமக்கொடை. வில்லின் மணிகள் குலுங்க, வீசுகோல் நாணில் விழ, பக்கத்தில் குடமும் உடுக்கும் சேர, அண்ணாவி சுடலையின் பிறப்பைப் பாடுவார். கயிலாயத்தில் பார்வதி பிள்ளைவரம் கேட்டு விளக்கின் சுடரை முந்தானையில் ஏந்துகிறாள். சுடர் பிள்ளையாகிறது. பிள்ளை ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறது. அதனால் மேலே இருக்க முடியாமல் பூமிக்கு வருகிறது. கணியான் கூத்து வைக்கிற கோயில்களில் மகுடம் முழங்கும். ஆண்களே பெண்வேடமிட்டு ஆடுவார்கள்.

பாட்டு நடக்கும்போது பீடத்துக்கு மஞ்சணை அப்பி, பிச்சியும் அரளியும் சாத்துவார்கள். கமுகம்பூவையும் தென்னம்பாளையையும் விரித்துச் செருகுவார்கள். பாட்டு ஏற ஏறப் பெரியப்பாவின் கால் முதலில் நடுங்கும். பிறகு தோள். சல்லடமும் கச்சையும் கட்டி, தலையில் குல்லா வைத்து, கையில் வல்லயமும் தீப்பந்தமும் கொடுப்பார்கள். அந்த நிமிஷத்திலிருந்து யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அவர் சொந்த அண்ணனே "சாமி" என்று கும்பிடுவார். சாமத்தில் அவர் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். கூட யாரும் போகக்கூடாது. அவர் போய்விட்டுத் திரும்பும் வரை வில்லும் மேளமும் நிற்காமல் போகும்.

'பீடம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இருக்கை. நாங்கள் அந்தச் சொல்லைத் தினமும் சொல்லியும் அதைக் காதில் வாங்கவில்லை. அது மாடனின் சிலை இல்லை, மாடன் வந்து இருக்கிற இடம். முகமும் கையும் குரலும் கொண்ட உருவம் கொடை ராத்திரியில் மனித உடம்பில் வரும். அது வரும்போது இன்னொரு முகம் அங்கே இருக்கக் கூடாது. அதனால்தான் பெரியப்பா கேட்டார், சிலை வைத்துவிட்டால் நான் எதற்கு என்று. கால்டுவெல்லும் ஆட்டத்தைப் பார்த்தார், அதை விரிவாகவே எழுதினார். ஆனால் பீடத்தை ஒரு பக்கத்திலும் ஆட்டத்தை இன்னொரு பக்கத்திலும் வைத்தார். பீடம் செம்மையற்ற விக்கிரகமாகியது, ஆட்டம் வெறியாகியது. இரண்டும் சேர்ந்த ஒரு பொருள் என்பது அவர் கொண்டுவந்த வகைகளுக்குள் நுழையவில்லை. நாற்காலியைப் பார்த்து, 'இது மோசமான சிலை' என்று மதிப்பெண் போட்டது போல.

இதே பிரிவினையை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984இல் இன்னொரு விதமாகச் செய்தது. பிக்காசோ முதலானவர்களின் படைப்புகளையும் ஆப்பிரிக்க, பசிபிக் பொருள்களையும் அருகருகே வைத்து, எவ்வளவு ஒற்றுமை பாருங்கள் என்று காட்டினார்கள். அங்கே இகழ்ச்சி இல்லை, வியப்புதான். ஆனால் விமர்சகர் தாமஸ் மெக்எவில்லி அதைக் கடுமையாகச் சாடினார். நவீன ஓவியத்துக்கு வருஷம் போட்டிருக்கிறீர்கள், முகமூடிக்கு ஏன் போடவில்லை? அதை யார், எந்தச் சடங்கில், எதற்குப் பயன்படுத்தினார் என்பதை ஏன் சொல்லவில்லை? முகமூடியோடு போன பாட்டும் ஆட்டமும் உடம்பும் கழிக்கப்பட்டு, வடிவம் மட்டும் கண்ணாடிக்குள் மிஞ்சியது. பாராட்டும் பீடத்தை ஆட்டத்திலிருந்து வெட்ட முடியும்.

5

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிடவும் முடியாது. 'சிறுதெய்வம்' என்ற சொல் தேவாரக் காலத்திலேயே தமிழில் இருக்கிறது. பெரியது, சிறியது என்ற நம்முடைய சொந்த ஏணி ஒன்று முன்னமே சாய்ந்து நின்றது. வெளியிலிருந்து வந்த ஏணி அதன் மேல் கட்டப்பட்டதால்தான் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950இலேயே இந்த மாநிலத்தில் வந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டபோது மாடனும் இசக்கியும் படையல் இல்லாமல் நின்றார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. ஆட்டை வெட்டலாமா என்பது நேர்மையாக விவாதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அன்று பேசியவர்களில் பலர் விவாதிக்கவில்லை, 'காட்டுமிராண்டித்தனம்' என்றார்கள். ஏணி பேசியது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. சுடலைதான் ஆதித் தமிழன் தெய்வம், கலப்பே இல்லாதது என்று இப்போது சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அது கால்டுவெல்லின் பின்னிணைப்பேதான், கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல் குறி போட்டிருக்கிறது. சுடலையின் கதையிலோ கயிலாயம் இருக்கிறது, மலையாள நாட்டுக் கொட்டாரக்கரை இருக்கிறது. வழிபாட்டு வரிசையில் சுருட்டுப் பிடிக்கிற இங்கிலீஷ் அதிகாரிக்கும் இடம் இருந்திருக்கிறது. மிச்சம் என்றாலும் ஆதி என்றாலும் அவனைக் காலத்துக்கு வெளியே தள்ளுகிறோம். 'நாட்டார்' என்ற பெயர் எனக்கு இவற்றைவிடப் பிடிக்கிறது. ஆனால் அதையும் பெட்டியாக ஆக்கிவிட முடியும்.

எங்கள் கோயிலில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தம்பி விடவில்லை, சிலை வந்துவிட்டது. நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல முடியாது. பெரியப்பாவும் விடவில்லை, ஆகவே பீடத்தை யாரும் இடிக்கவில்லை. கொத்திய இடத்தை மட்டும் பூசிவிட்டு, அதற்கு முன்னால் ஐந்தடி தள்ளிச் சிலையை நிறுத்தினோம். போன கொடையில் வெளியூர்ப் பிள்ளைகள் சிலையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாமத்தில் பாட்டு ஏறியதும் பெரியப்பா எழுந்தார். சிலையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், ஈரம் காயாத மஞ்சணையில் இரண்டு கையையும் பதித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பீடத்தோடு நின்றார். பிறகு கால் நடுங்கத் தொடங்கியது.

அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அடுத்து யார் மேல் வருவான் என்று தெரியவில்லை. "வர்றவன் மேல வருவான், அத நாம முடிவு பண்ண முடியாது" என்கிறார். யார் மேலும் வராமல் போனால், பீடம் உண்மையிலேயே காலியாகக் கிடக்கும். முன்னால் சிலை நிற்பதால் அது யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குள்ள கவலை.